ஒரு நிமிட விளம்பர வீடியோவுக்கு எந்த இசை: இலவசமா, சந்தாவா, ஊர்க் கலைஞரா?

அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு, சீசன் தொடங்க முன் ஒரு நிமிட வீடியோ செய்து கொடுத்தேன். இசையை ஓர் இலவசத் தளத்தில் எடுத்தேன். 'ரோயல்டி ஃப்ரீ' என்று பெரிதாகப் போட்டிருந்தது. முதலாளியின் யூரியூப் சேனலில் ஏற்றிப் பத்து நிமிடம் ஆகவில்லை, 'இந்த இசை எங்களுடையது' என்று உரிமை கோரல் வந்து நின்றது. மறுநாள் அவர் வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். அவருடைய வீடியோவுக்கு முன்னால் வேறொரு ஹோட்டலின் விளம்பரம். "தம்பி, காசு நான் குடுக்கிறன், விளம்பரம் அவனுக்கா?"

ரோயல்டி ஃப்ரீ என்றால் ஒவ்வொரு தடவையும் காசு கட்டத் தேவையில்லை என்பதுதான். சொந்தக்காரர் இல்லை என்று அர்த்தமில்லை. இசையமைப்பாளர் பாட்டை இலவசத் தளத்தில் போடுகிறார், பிறகு அதையே ஸ்பொட்டிஃபைக்கு அனுப்ப ஒரு விநியோக நிறுவனத்திடமும் கொடுக்கிறார். அந்த நிறுவனம் அதை, பாட்டுகளைத் தானாக அடையாளம் காணும் யூரியூப்பின் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிடுவதும் உண்டு. அந்த இயந்திரத்துக்கு ஒலி மட்டும்தான் தெரியும், உங்கள் கையில் அனுமதி இருப்பது தெரியாது.

நல்லவேளை, இது சேனலுக்கே தண்டனையாக வரும் ஸ்ட்ரைக் அல்ல, வெறும் கோரல். டவுன்லோட் செய்தபோது கிடைத்த சான்றிதழை வைத்து மறுப்புப் போட்டேன், சில நாட்களில் விடுவித்தார்கள். ஆனால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. சீசன் நேரத்தில் 30 நாள் என்றால் பாதி வியாபாரம் போய்விடும்.

அதனால் இப்போது பாட்டைத் தேட முன், வீடியோ எங்கே போகப் போகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

யூரியூப்புக்கு மட்டும் என்றால் யூரியூப் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் Audio Library போதும். காசில்லை, அங்கிருந்து எடுத்ததற்குக் கோரல் வராது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் CC அடையாளம் இருக்கும். அவற்றுக்கு வீடியோ விவரணத்தில் கலைஞரின் பெயரைப் போட்டே ஆகவேண்டும். குறை என்னவென்றால், எல்லோரும் அங்கேதான் எடுக்கிறார்கள். பாசிக்குடாவில் மூன்று ஹோட்டல்களின் வீடியோவில் ஒரே உகுலேலேயைக் கேட்டிருக்கிறேன்.

பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் மட்டும் என்றால் அவர்களுடைய சொந்த இசைத் தொகுப்பான Meta Sound Collection. வியாபாரத்துக்கும் பாவிக்கலாம், ஆனால் அந்த இசையோடு யூரியூப்புக்குப் போகக்கூடாது. இன்ஸ்டகிராமில் சினிமாப் பாட்டு வருகிறதே என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். அது தனிப்பட்ட பாவனைக்கு. கடைக் கணக்கில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் தெரியாது, தெரிந்தாலும் விளம்பரத்துக்கு அனுமதியில்லை. "15 செக்கன் போட்டால் பிடிக்காது" என்பதும் வெறும் கதை.

ஒரே வீடியோ எல்லா இடத்துக்கும் போகிறதென்றால் எபிடெமிக் சவுண்ட் போன்ற சந்தாத் தளத்துக்குக் காசு கட்டுவதுதான் என் தெரிவு. ஆனால் நம்மவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். எடிட்டர் சந்தாக் கணக்கில் தன் சேனலை இணைத்துவிட்டு, வீடியோவை வாடிக்கையாளரின் சேனலில் ஏற்றுவார். இணைக்காத சேனல் என்பதால் கோரல் வரும். யாருடைய பக்கத்தில் வெளியாகிறதோ அதற்குத்தான் அனுமதி வேண்டும், அதோடு வாடிக்கையாளர் வேலையை உள்ளடக்கும் திட்டத்தையே எடுக்க வேண்டும். சந்தா நடக்கும்போது வெளியிட்ட வீடியோ, சந்தாவை நிறுத்திய பின்னும் பாதுகாப்பாகவே இருக்கும். நிறுத்திய பிறகு பழைய பாட்டைப் போட்டுப் புதிய வீடியோ வெளியிட்டால்தான் சிக்கல்.

எதை எடுத்தாலும் யூரியூப்பில் ஏற்றும்போது Checks என்ற படியில் கொஞ்சம் பொறுங்கள். வெளியிட முன்னமே கோரல் இருந்தால் அங்கே காட்டும். பேஸ்புக்குக்கு அது செல்லாது, அவர்களுடைய சோதனை வேறு.

இப்போது அதே கெஸ்ட் ஹவுஸுக்கு இரண்டாவது வீடியோ. இந்தத் தடவை மட்டக்களப்பில் மத்தளம் வாசிக்கும் ஒருவரைப் பிடித்தோம். கூத்து மெட்டு பரம்பரையாக வந்தது, அதற்குத் தனியொரு சொந்தக்காரர் இல்லை. ஆனால் யாரோ பதிவு செய்து வெளியிட்ட கூத்துப் பாட்டைத் தூக்கிப் போட முடியாது, அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு. அதனால் புதிதாக வாசிக்கச் செய்து நாமே பதிந்தோம். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்: இந்தப் பதிவை எந்தத் தளத்திலும் விளம்பரத்துக்குப் பாவிக்கலாம், கட்டணம் ஒரு தடவைதான், இதை அவர் எந்த விநியோக நிறுவனத்துக்கும் கொடுக்கமாட்டார். மூன்றாவதை வாசித்துவிட்டு அவர் சிரித்தார். "நான் ஆருக்குத் தம்பி குடுக்கப்போறன்?" என்றார். சரி, இருக்கட்டும் என்று தாளை நீட்டினேன்.