6,500 என்று சொல்லி 25,960க்கு பில்: நீள முடிக்கு கலர் கரெக்‌ஷன் செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் ஒரு பெரிய சலூனில் அண்மையில் ஒரு பெண் ஏமாந்த விவரம் இது. சலூன் பெயர் வேண்டாம். இதே மாதிரி விலை சொல்லும் இடங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன.

அவருக்கு இடுப்பு வரை முடி, உச்சியிலிருந்து நுனி வரை சுமார் 75 செ.மீ. நாலு வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே கருப்பு டை போட்டு, ஒவ்வொரு முறையும் நுனி வரை சீவி இழுத்துவிட்டிருக்கிறார். பிறகு நாலு மாதம் டை போடாமல் இருந்துவிட்டு, பக்கத்துப் பார்லரில் சாக்லேட் பிரவுன் போட்டுக்கொண்டார். புதிதாக வளர்ந்திருந்த 5 செ.மீ. வேர் மட்டும் செம்பழுப்பானது. கீழே எல்லாம் பழைய கருப்பு அப்படியே நின்றது. ஏற்கனவே ஏறிய செயற்கைச் சாயத்தை இன்னொரு டியூப் கலர் வெளுக்காது, ப்ளீச்சோ கலர் ரிமூவரோதான் வேண்டும். அதைச் சரிசெய்யத்தான் பெரிய சலூனுக்குப் போன் செய்தார்.

ரிசப்ஷனில் கிடைத்த பதில்: "மேம், குளோபல் கலர் 6,500ல இருந்து ஸ்டார்ட் ஆகும். உங்களுக்கு வெய்ஸ்ட் லெங்த்ங்கறதால 2,000 எக்ஸ்ட்ரா. மத்தது நேர்ல வந்தா ஸ்டைலிஸ்ட் பார்த்துச் சொல்வாங்க."

முதல் தவறு இங்கேதான். முழுத்தலைக்கும் ஒரே நிறம் பூசும் குளோபல் கலர் வேறு வேலை, ஏற்கனவே ஏறிய நிறத்தைச் சரிசெய்யும் கரெக்‌ஷன் வேறு வேலை. ரிசப்ஷனிஸ்ட் கையில் இருக்கும் ரேட் கார்டில் தோள் வரை, முதுகு வரை, இடுப்பு வரை என்று நீளம்தான் இருக்கும். கரெக்‌ஷனுக்கோ முடியின் வயதுதான் கணக்கு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1.25 செ.மீ. வளரும். அப்படியானால் 75 செ.மீ. முடியின் நுனிக்கு ஐந்து வயது. இவருடைய நுனியில் இருபதுக்கும் மேற்பட்ட பூச்சு, தோள் அருகே அதில் பாதி, வேரில் ஒரே ஒரு பிரவுன். ஒரே தலையில் மூன்று விதமான முடி. "என்ன டை, எத்தனை வருஷம், நுனி வரைக்கும் போட்டீங்களா, மெஹந்தி உண்டா?" என்று கேட்காமல் யார் விலை சொன்னாலும் அது விலையே இல்லை.

நேரில் போனதும் சோதனை எதுவும் செய்யாமல் நாற்காலியில் உட்காரவைத்து, வேர் முதல் நுனி வரை ஒரே மூச்சில் ப்ளீச் தடவிவிட்டார்கள். பாதித் தலை ஆன பிறகு ரிசப்ஷனிஸ்ட் வந்து, "மேம், ப்ராடக்ட் பத்தல, எக்ஸ்ட்ரா பவுல் ஆட் பண்ணட்டுமா?" என்று கேட்டார். பாதி வெளுத்த தலையோடு யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அப்போது வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல.

கடைசி பில்: அடிப்படை 8,500, எக்ஸ்ட்ரா பவுல் நாலுக்கு 4,800, ப்ளீச்சில் முடி உடையாமல் காக்கப் போடும் பாண்ட் ட்ரீட்மென்ட் 3,500, டோனர் 3,000, ஹேர் ஸ்பா 2,200. மொத்தம் 22,000. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,960. ஆக 25,960.

பவுல் கணக்கைப் பாருங்கள். அங்கே ப்ளீச் கலக்கும் ஒரு பவுலுக்கு 30 கிராம் பவுடர். அடிப்படையில் இரண்டு, கூடுதலாக நாலு, மொத்தம் 180 கிராம். 50 கிராம் பவுல் போடும் இடத்தில் இதே வேலை நாலு பவுலில் முடிந்துவிடும். பவுல் என்பது அளவே இல்லை, கிராமில் கேளுங்கள்.

ஜிஎஸ்டி இன்னும் மோசம். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு வரி 5 சதவீதம். 22,000க்கு 1,100தான் வரும். 2,860 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். பில்லில் 18 என்று இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லில் வரியே போடக்கூடாது. தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும்.

பணத்தைவிட முடிக்கு நடந்ததுதான் வருத்தம். தலைச்சூட்டில் வேர்ப்பகுதி வேகமாக வெளுக்கும். அதனால் ப்ளீச்சை நீளத்திலும் நுனியிலும் முதலில் போட்டு, வேரைக் கடைசியில் தொடுவதுதான் முறை. இவருக்கு வேரைத் தொடவே தேவையில்லை. கேட்டது சாக்லேட் பிரவுன், வேர் ஏற்கனவே ஏறக்குறைய அந்த அளவுக்கு வெளுத்துத்தான் இருந்தது. அந்தச் சிவப்பை அடக்க ஒரு ஆஷ் பிரவுன் போதும். ப்ளீச் போட்டதால் வேர் மஞ்சளாகி, நடு ஆரஞ்சாகி, நுனி கருஞ்சிவப்பிலேயே நின்றுவிட்டது. அதன் மேல் டோனர். டோனர் நிறத்தின் சாயலைத்தான் மாற்றும், மூன்று பட்டையை ஒன்றாக்காது. நாலைந்து தடவை தலைக்குக் குளித்ததும் பட்டைகள் மறுபடி தெரிந்தன. கேட்டதற்கு, "செகண்ட் சிட்டிங் வேணும் மேம், அது தனி சார்ஜ்" என்றார்கள்.

இரண்டாவது சிட்டிங் தேவைப்படுவது உண்மைதான். இவ்வளவு பூச்சு ஏறிய நுனி ஒரே நாளில் பழுப்புக்கு வருவது அரிது. அதை முதல் நாளே சொல்லாததுதான் ஏமாற்று.

விலை கேட்பதற்கு முன் ஸ்ட்ராண்ட் டெஸ்ட் கேளுங்கள். பின்கழுத்தில் உள்பக்கமாக ஒரு மெல்லிய கற்றையை எடுத்து, 20 வால்யூம் டெவலப்பரில் கலந்த ப்ளீச்சை நீளம் முழுக்கத் தடவி, ஃபாயிலில் மூடி, அவ்வப்போது திறந்து பார்த்தபடி சுமார் முக்கால் மணி நேரம் விட வேண்டும். எந்தப் பகுதி எவ்வளவு வெளுக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். பிறகு ஈரத்தில் ஒரு முடியை மெல்ல இழுங்கள். நீண்டு திரும்பினால் சரி. ரப்பர் போல நீண்டு அப்படியே நின்றாலோ அறுந்தாலோ, அந்த நுனியை வெட்டத்தான் வேண்டும், அல்லது கருப்பாகவே விட வேண்டும். கருப்பு மெஹந்திப் பவுடர் போட்டவர்களுக்கு இந்த டெஸ்ட் கட்டாயம். சில பவுடர்களில் உலோக உப்பு இருக்கும். கற்றை சூடானாலோ புகைந்தாலோ அந்தத் தலையில் ப்ளீச் போடவே கூடாது. வீட்டில் போர் தண்ணீர் என்றால் அதையும் சொல்லுங்கள். முடியில் படிந்த இரும்பும் சுண்ணாம்பும் ப்ளீச்சைக் கெடுக்கும், முதலில் அந்தப் படிவை நீக்கும் கிலேட்டிங் ஷாம்பு போட்டு அலச வேண்டும்.

டெஸ்ட் முடிந்ததும் விலையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். இப்படி இருக்க வேண்டும்: "வேர் 5 செ.மீ. விட்டு மீதிக்கு மட்டும் ப்ளீச், 200 கிராம் பவுடர் வரை, பாண்ட் ட்ரீட்மென்ட், டோனர், வாஷ் எல்லாம் சேர்த்து இவ்வளவு. அதற்கு மேல் 50 கிராமுக்கு இவ்வளவு. இரண்டாவது சிட்டிங் நாலு வாரம் கழித்து, இவ்வளவு. வரி தனி, 5 சதவீதம்." எழுதித் தரத் தயங்கினால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். ஹேர் ஸ்பா கட்டாயம் என்றால், பட்டியலில் ஏற்கனவே பாண்ட் ட்ரீட்மென்ட் இருக்கும்போது இது எதற்கு என்று கேளுங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் பில்லையும், வெளிச்சத்தில் வேர், நடு, நுனி மூன்றையும் எடுத்த படங்களையும் பத்திரமாக வையுங்கள். சலூனுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பட்டை தெரிகிறதே என்று வீட்டில் மறுபடி கருப்பு டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அவசரத்துக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், அமோனியா இல்லாத செமி பெர்மனென்ட் பிரவுன் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சிட்டிங் வரை தாங்கும், பிறகு எடுப்பதும் சுலபம்.