சார்ஜ் ஏறாத காது மெஷின்: நான்கு ஆண்டுக்கு மேல் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை

நான் போட்டிருப்பது காதுக்குப் பின்னால் உட்காரும் ரகம், இரண்டு காதுக்கும். உள்ளே லித்தியம் அயான் பேட்டரி. அதை நாமாகக் கழற்றி மாற்ற முடியாது. இரவில் சார்ஜர் பெட்டியின் இரண்டு குழிகளில் வைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் முழுதாக ஏறிவிடும், மறுநாள் தூங்கப்போகும் வரை தாங்கும். பொத்தான் பேட்டரியை வாராவாரம் மாற்றிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய நிம்மதி. ஒலித்தரம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது சார்ஜ் ஏறாமல் போகும் காலையைப் பற்றி. அது வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம்.

முதலில் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வலது மெஷின் ஏறவில்லை என்றால், அதை இடது குழியிலும் இடது மெஷினை வலது குழியிலும் மாற்றி வையுங்கள். பழுது மெஷினோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு மெஷினில். அதே குழியில் நின்றுவிட்டால் கோளாறு சார்ஜரில். இரண்டு குழியிலும் விளக்கே எரியாவிட்டால் ஒயர், அடாப்டர், பிளக் பாயின்ட் என்று பின்னோக்கிப் போக வேண்டும். சில கம்பெனிகளின் குழிகள் இடது வலது மாறி வைக்க இடம் தராது. அப்படியானால் கடையில் இருக்கும் அதே மாடல் சார்ஜரில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

எனக்கு முதலில் வந்தது மெஷின் பக்கக் கோளாறு. இரவில் வைத்தபோது ஆரஞ்சு விளக்கு மின்னியது. காலையில் பார்த்தால் பச்சை இல்லை, மெஷினில் பாதி சார்ஜ்தான். மாற்றி வைத்ததில் பழுது வலது மெஷினோடு போனது. அதன் அடியில் சார்ஜரைத் தொடும் இரண்டு சின்னத் தங்க நிறப் புள்ளிகள் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதன்மேல் மங்கலான ஒரு படலம். தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் காதுக்குப் பின்னால் வழிந்து, வியர்வை உப்போடும் தூசியோடும் சேர்ந்து காய்ந்திருந்தது. தஞ்சாவூர் வெயிலில் பகல் முழுக்க மெஷின் போட்டிருப்பவர்களுக்கு இது வராமல் இருக்காது. படலம் மின்சாரத்தை முழுதாகத் தடுப்பதில்லை, விட்டுவிட்டுத் தொட வைக்கிறது. அதனால்தான் பாதி ஏறி நிற்கிறது.

சுத்தம் செய்வது இப்படி. சார்ஜரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் உலர்ந்த துணியால் புள்ளிகளை அழுத்தித் துடைக்க வேண்டும். பெரும்பாலும் அதுவே போதும். போகாவிட்டால் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, ஈரம் சொட்டாதபடி பிழிந்துவிட்டுத் துடைக்கலாம். ஆனால் சில கம்பெனிகளின் கையேட்டில் ஆல்கஹால் கூடாது என்றே போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மைக் துளைகள் பக்கம் ஈரம் போகக் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகே குழியில் வைக்க வேண்டும். ஊசி, பிளேடு, உப்புத்தாள் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. சுரண்டினால் அடியிலுள்ள உலோகம் வெளியே வந்து வியர்வையில் பச்சை பூக்கும், அதன்பின் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. இப்போது இரவில் குழியில் வைக்கும் முன் ஒரு துடைப்பு என்பது பல் தேய்ப்பதுபோல் ஆகிவிட்டது. எண்ணெய் தேய்த்த நாளில் காதுக்குப் பின்னால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகுதான் மாட்டுகிறேன்.

அடுத்தது சார்ஜர். இம்முறை மாற்றி வைத்தபோது பழுது இடது குழியிலேயே நின்றது, எந்த மெஷினை வைத்தாலும் விளக்கு வரவில்லை. குழிக்குள் ஸ்பிரிங் வைத்த சின்ன ஊசிமுனைகள் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு முனை பக்கத்திலிருந்ததைவிடத் தாழ்ந்து உள்ளேயே நின்றது. உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிப் பார்த்தும் எழவில்லை. சார்ஜர் தனியாகக் கிடைத்ததால் அதை மட்டும் மாற்றினேன். நல்ல வேளை, மெஷினை அனுப்பிவிட்டுக் காது கேட்காமல் உட்கார்ந்திருக்க நேரவில்லை.

குழியில் மெஷின் சரியாக உட்காராததும் இதேபோலத் தோன்றும். காதுக்குள் போகும் ரப்பர் குடையைப் பெரிய அளவுக்கு மாற்றினாலோ, அச்சு எடுத்துச் செய்த மோல்டு போட்டாலோ, ஒயர் மடங்கி மெஷினை ஒரு நூல் தூக்கிவிடும். மூடியை மூடும்போது அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கிறது என்றால் அதுதான் காரணம். இன்னொரு அடையாளம், குழிக்குள்ளிருந்து வரும் கீச்சொலி. சார்ஜரைத் தொட்டதும் மெஷின் அணைந்துவிட வேண்டும். கீச்சிட்டால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, தொடவில்லை என்று பொருள். அது எனக்குக் கேட்காது. மனைவிதான் சொல்வாள்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. சில மாடல்களில் மெஷின் குழியில் இருக்கும்போது சார்ஜருக்குக் கரண்ட் நின்றுபோனால் மெஷின் தானாக ஆன் ஆகி, குழிக்குள்ளேயே சார்ஜ் இறங்கத் தொடங்கும். இரவில் கரண்ட் போனாலோ, வீட்டில் யாராவது நல்லெண்ணத்தோடு சுவிட்சை அணைத்தாலோ காலையில் இரண்டும் காலியாக இருக்கும். இதைப் பேட்டரி பழுது என்று எண்ணிவிடக் கூடாது. சார்ஜரை இன்வெர்ட்டர் வரும் பாயின்ட்டில் மாட்டி, சுவிட்சின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தேன். வெப்பமும் அப்படித்தான். பொதுவாக 5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இவற்றைச் சார்ஜ் செய்யலாம். சித்திரை மாதத்தில் ஜன்னலோரம் வெயில்படும் மேசையில் வைத்தால் பாதுகாப்புக்காகச் சார்ஜ் நின்றுவிடலாம். நிழலான இடத்தில் வைத்துச் சூடு ஆறிய பிறகு ஏறினால் எதுவும் கெடவில்லை.

கடைசியாக வந்தது பேட்டரி தேய்மானம். இதன் முகமே வேறு. விளக்கு ஒழுங்காக மின்னும், பச்சையும் வரும். சொல்லப்போனால் முன்பைவிடச் சீக்கிரமே வரும், ஏனென்றால் பேட்டரி கொள்ளும் அளவு குறைந்துவிட்டது. பிறகு மாலை காபி நேரத்திலேயே சார்ஜ் குறைந்ததற்கான எச்சரிக்கை ஒலி கேட்கும். போனை புளூடூத்தில் அதிகம் கேட்ட நாளிலும் இப்படி ஆகும் என்பதால், சில நாட்கள் போனை மெஷினில் கேட்காமல், பச்சை வந்து மாட்டிய நேரத்தையும் எச்சரிக்கை வந்த நேரத்தையும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் குறித்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே குறைந்திருந்தன. அதுதான் முக்கியம். ஒரே நாளில் வாங்கி, ஒரே மாதிரி உழைத்த இரண்டு பேட்டரிகள் சேர்ந்தேதான் தேயும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று விழுந்தால் தேய்மானம் என்று முடிவுகட்டாமல் தொடும் புள்ளிகளையும் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

குறித்துவைத்த தாளை ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்டியதும் பேச்சு சுருக்கமாக முடிந்தது. இரண்டையும் கம்பெனிக்கு அனுப்பி பேட்டரி மாற்றினார்கள். திரும்பி வந்ததும் என் காதுக்கான செட்டிங் அப்படியே இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் இணைத்துச் சரிபார்க்கச் சொல்லி வாங்கினேன். அதுவரை பொத்தான் பேட்டரியில் ஓடும் பழைய ஜோடிதான் கைகொடுத்தது. புதிதாக வாங்குபவர்கள் கடையில் இரண்டைக் கட்டாயம் கேளுங்கள்: சார்ஜர் மட்டும் தனியாகக் கிடைக்குமா, வாரண்டி முடிந்தபின் பேட்டரி மாற்ற என்ன செலவு ஆகும். மெஷினை மாற்றினாலும் பழைய ஜோடியை விற்றுவிடாதீர்கள்.