இரைச்சலான படத்தின் மேல் தமிழ் எழுத்து: புள்ளியை அளவுகோலாக வைத்துப் பழகிய அனுபவம்

படத்தின் மேல் தமிழ் வரிகளைப் போட்டு அறிவிப்புகள், அட்டைகள், இணையப் பக்க முகப்புகள் செய்வது பல வருடங்களாக என் வேலை. ஷேடோ, அவுட்லைன், கறுப்புப் படலம், பிளர், பின்னால் ஒரு பட்டை என எல்லா வழிகளையும் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறேன். இவற்றில் எது நீடித்து உதவுகிறது, எது முதல் பார்வைக்கு மட்டும் நன்றாக இருக்கிறது என்பதைப் பகிர்கிறேன்.

நான் முதலில் பார்ப்பது புள்ளியைத்தான். தமிழில் பின்னணி இரைச்சல் முதலில் விழுங்குவது எழுத்தின் உடலை அல்ல, அதன் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் சின்ன உறுப்புகளை. கூழாங்கல், சருகு, இலைகளுக்கு நடுவே விழும் வெயில் போன்ற படங்களில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ‘பல்’ என்பதன் புள்ளி கரைந்தால் வாசகர் ‘பல’ என்று படித்துவிடுவார். ‘ஏரி’யின் கீழ்க்கோடு புல்லோடு கலந்தால் ‘எரி’ ஆகிவிடும். ‘கீ’யின் மேல் சுழி அடைந்தால் ‘கி’. எழுதியவருக்கு வரி என்னவென்று தெரியும் என்பதால் இந்தக் குறை அவர் கண்ணில் படாது. அதனால், வாசகம் தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்வதைப் போன்ற நம்பகமான சோதனையை நான் இதுவரை கண்டதில்லை.

எல்லா இரைச்சலும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. பெரிய மேகம், அகலமான நிழல், மங்கிய மலை எல்லாம் எழுத்தைவிடப் பல மடங்கு பெரியவை. கண் அவற்றை எளிதாகப் பிரித்துவிடும். மிக நுண்ணிய மணல் தூரத்திலிருந்து ஒரே நிறமாகத் தெரியும். தொல்லை தருவது எழுத்தின் கோட்டுத் தடிமனுக்கும் புள்ளியின் விட்டத்துக்கும் நெருங்கிய அளவில் இருக்கும் துகள்கள்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகு, ‘எவ்வளவு கறுப்பு போடலாம்’ என்பதைவிட ‘இந்தப் படத்தின் துகள் எவ்வளவு பெரியது’ என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஒரு வேலையை முழுதாகச் சொல்கிறேன். 1080 × 1080 பிக்சல் படம், கீழ்ப்பாதி முழுக்கச் சருகும் வெயில் பொட்டுகளும். அதன் மேல் ‘ஏரிக்கரையில் மரம் நடுவோம்’ என்று வெள்ளையில் வர வேண்டும். எழுத்தளவு 72 பிக்சல். அந்த அளவில் புள்ளி ஏறக்குறைய 10 பிக்சல் அகலம் வந்தது, வெயில் பொட்டுகளும் கிட்டத்தட்ட அதே அளவு. கறுப்புப் படலம் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தேன். மிக வெளிச்சமான பொட்டு தூய வெள்ளை, அதாவது 0 முதல் 255 வரையான வெளிச்ச அளவில் 255. அதன் மேல் 50% கறுப்பு போட்டால், வெள்ளை எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் விகிதம் 4:1-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிகாட்டும் WCAG விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1. பெரிய எழுத்துக்கு 3:1 போதும் என்று அவை சொன்னாலும், எழுத்து பெரிதாக இருக்கும்போதும் புள்ளி சின்னதுதான் என்பதால் தமிழுக்கு நான் 4.5-ஐ விட்டுக்கொடுப்பதில்லை. 55% கறுப்பில் விகிதம் 4.8-ஐத் தொடுகிறது. ஆனால் அதற்குள் படம் இருண்டு, சருகின் செம்பழுப்பு செத்துவிடுகிறது. பொட்டுகளும் மங்கிய வடிவில் அங்கேயேதான் இருக்கின்றன.

எனவே முதலில் பிளர். படத்தின் லேயரை நகலெடுத்து, அதற்கு 20 பிக்சல் காஸியன் பிளர் கொடுத்தேன். புள்ளியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு என்பது நான் வழக்கமாகத் தொடங்கும் அளவு. பிறகு ஒரு லேயர் மாஸ்க் போட்டு, வரிகள் உள்ள இடத்தில் முழுமையாகவும் மேலே போகப் போகக் கரைந்தும் வரும்படி கிரேடியன்ட் இழுத்தேன். பொட்டுகள் சுற்றியுள்ள இருட்டோடு கலந்ததால், மிக வெளிச்சமான இடமே 180 அளவுக்கு இறங்கிவிட்டது. இப்போது 35% கறுப்பே போதும்: 180-இல் 65% எடுத்தால் 117, விகிதம் 4.6. படத்தின் நிறமும் பிழைத்தது, புள்ளியோடு போட்டியிடும் பொட்டுகளும் இல்லை. இந்தக் கணக்கு பிரௌசர்கள் வழக்கமாக நிறம் கலக்கும் முறைக்குப் பொருந்தும். சில எடிட்டர்கள் வேறு முறையில் கலப்பதால், சதவீதத்தை நம்பாமல் கலர் பிக்கரை எழுத்துக்குப் பக்கத்தில் மிக வெளிச்சமான இடத்தில் வைத்து அளந்துவிடுவேன். சராசரி நிறத்தை அளப்பதில் பயனில்லை. புள்ளி தொலைவது அந்த ஒரு வெளிச்சமான இடத்தில்தான்.

அவுட்லைனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதுதான் தமிழில் அதிகம் சொதப்புகிறது. கோட்டை எழுத்தின் விளிம்புக்கு நடுவில் வைத்தால் பாதி உள்ளே புகுந்து எழுத்தைத் தின்றுவிடும். 10 பிக்சல் புள்ளிக்கு 4 பிக்சல் கோடு போட்டால் வெள்ளையாக மிஞ்சுவது 6 பிக்சல்தான். போட்டோஷாப்பில் ஸ்ட்ரோக்கின் இடத்தை ‘வெளியே’ என்று மாற்றினால் இது தீரும். இணையப் பக்கத்தில் நான் பயன்படுத்துவது இது:

```css
.vari {
  color: #fff;
  font-weight: 600;
  line-height: 1.6;
  -webkit-text-stroke: 4px #1a120b;
  paint-order: stroke fill;
}
```

கடைசி வரிதான் முக்கியம். அது கோட்டை முதலில் வரைந்து அதன் மேல் நிறத்தை நிரப்புவதால் எழுத்து இளைப்பதில்லை, வெளியே 2 பிக்சல் மட்டும் தெரியும். கோட்டின் நிறம் தூய கறுப்பாக இருக்கத் தேவையில்லை, படத்திலேயே உள்ள மிக இருண்ட பழுப்பை எடுத்தால் ஒட்டவைத்தது போலத் தெரியாது. ஆனால் அந்த நிறத்தில் ஒளிபுகும் தன்மை வைக்கக் கூடாது. கொம்பும் சுழியும் உடலோடு மேற்படியும் இடங்களில் கறுப்பு இரட்டிப்பாகி அழுக்குப் போலத் தெரியும்.

ஷேடோவைத் தனியாக நம்பி வேலை செய்வதை நான் விட்டுவிட்டேன். கீழ் வலப்பக்கம் தள்ளிப் போடும் ஷேடோ எழுத்தின் ஒரு பக்கத்தைத்தான் காக்கிறது. புள்ளியின் மேல் விளிம்பு அப்போதும் வெளிச்சத்தோடு ஒட்டியே இருக்கும். தள்ளாமல் எல்லாப் பக்கமும் பரவும் மென்மையான ஷேடோவை, பிளர் செய்த பின்னணியோடு துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஃபாண்டில், தடிமன் கூடினால் தெளிவு கூடும் என்ற எண்ணம் தமிழுக்கு ஓரளவுதான் பொருந்தும். ண, ஞ, இ போன்றவற்றின் உள்வெளிகள் கனத்த போல்டில் அடைந்துவிடுகின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டிலும் செமிபோல்ட் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. வரி இடைவெளி 1.6-க்குக் கீழே போனால் மேல் வரியின் ‘ஏ’கார வால் கீழ் வரியின் புள்ளியோடு முட்டத் தொடங்கும்.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: பச்சை இலைகளின் மேல் சிவப்பு எழுத்து. திரையில் பளிச்சென்று இருக்கும், ஆனால் இரண்டின் வெளிச்ச அளவும் பல நேரம் ஒன்றுதான். செய்தி அனுப்பும் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது JPEG வெளிச்ச விவரத்தைவிட நிற விவரத்தைத்தான் அதிகம் குறைக்கிறது. சிவப்புப் புள்ளி பச்சையில் கசிந்து பழுப்பாகிவிடும். அனுப்பும் முன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலத்தை 270 பிக்சலுக்குக் குறைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். நான் மேலே சொன்ன படத்தில் அந்த அளவில் புள்ளி இரண்டரை பிக்சல்தான் வந்தது, ஆனாலும் ‘மரம்’, ‘நடுவோம்’ இரண்டின் புள்ளிகளும் தெரிந்தன.

இந்த முறை கைவிடும் இடம் தானாக மாறும் படங்கள். முகப்பில் படங்கள் சுழலும்போது அடுத்த படத்தின் வெளிச்சம் எங்கே விழும் என்று முன்கூட்டி அளக்க முடியாது. அங்கே நான் அளவெடுத்து நேரம் செலவழிப்பதில்லை. வரிகளுக்குப் பின்னால் 75% கறுப்பில் ஒரு பட்டை வைத்துவிடுகிறேன். வெள்ளைப் படமே வந்தாலும் புள்ளி தெரியும்.