அனலைசர் இல்லாத கோபுரத்தில் தூய்மையைக் கணிக்க மூன்று வழிகள்: எதை நம்பலாம்?

பென்சீனையும் டொலுயீனையும் பிரிக்கும் ஒரு கோபுரம். மேலே வரும் பென்சீனின் தூய்மையை அளக்க அனலைசர் இல்லை, லேப் முடிவு சில மணி நேரம் கழித்துத்தான் வரும். அதுவரை தட்டு வெப்பநிலையை வைத்துத்தான் ரிஃப்ளக்ஸை ஓட்டியாக வேண்டும்.

உச்சித் தட்டின் வெப்பநிலையைப் பிடிப்பதில் பயனில்லை. வளிமண்டல அழுத்தத்தில் 99 சதவீத பென்சீனுக்கும் 99.5 சதவீத பென்சீனுக்கும் கொதிநிலை 0.1 டிகிரிதான் மாறும். அழுத்தம் 1 கிலோபாஸ்கல் மாறினாலே 0.3 டிகிரி நகர்ந்துவிடும். அதனால்தான் கீழே, வெப்பநிலை வேகமாக மாறும் தட்டுக்குப் போகிறோம். பாதி பென்சீன், பாதி டொலுயீன் உள்ள தட்டு 92 டிகிரியில் இருக்கும். அங்கே 1 சதவீத மாற்றம் ஏறக்குறைய 0.3 டிகிரியாகத் தெரியும்.

வெறும் தட்டு வெப்பநிலை. கண்டென்சர் குளிர்ந்து அழுத்தம் 2 கிலோபாஸ்கல் இறங்குகிறது என்று வையுங்கள். கலவை மாறாமலே தட்டு 0.66 டிகிரி குறையும். கன்ட்ரோலர் அதைத் தூய்மை கூடியதாக எடுத்துக்கொண்டு ரிஃப்ளக்ஸைக் குறைக்கும். வெப்பநிலை மறுபடி 92க்கு வரும்போது தட்டில் டொலுயீன் 2 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், லேப் மாதிரிதான் காட்டிக்கொடுக்கும்.

அழுத்தத் திருத்தம் செய்த வெப்பநிலை. என் முதல் தேர்வு இதுதான்.

```
Tc = T - 0.33 * (P - 101.3)
```

இதில் T தட்டின் வெப்பநிலை, P கிலோபாஸ்கலில் தனி அழுத்தம், Tc திருத்திய வெப்பநிலை. மேலே சொன்ன அதே நிலையில் Tc அசையாமல் 92லேயே நிற்கும். ஒரு கவனம் வேண்டும்: அழுத்தமானி உடனே காட்டும், தெர்மோவெல் தாமதமாகக் காட்டும். அழுத்தம் சட்டென்று இறங்கினால் Tc சிறிது நேரம் பொய்யாக ஏறி, ரிஃப்ளக்ஸைத் தேவையில்லாமல் கூட்டும். அழுத்த அளவீட்டுக்கும் தெர்மோவெல் அளவுக்குத் தாமத வடிகட்டி போட்டால் இது அடங்கும். அழுத்தத்தை அந்தத் தட்டின் அருகிலேயே அளப்பது நல்லது. உச்சியில் அளந்தால் ஆவி ஓட்டம் கூடும்போது இடைத் தட்டுகளில் சேரும் அழுத்த வேறுபாடு கணக்கில் வராது.

இரு தட்டு வெப்பநிலை வேறுபாடு. மேல் தட்டில் ஏறக்குறையத் தூய பென்சீன் இருக்கும்வரை இது அருமை. அழுத்தம் மாறினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு நகர்வதால் அழுத்தமானியே தேவைப்படாது. ஆனால் டொலுயீன் மேலேறி மேல் தட்டும் சூடாக ஆரம்பித்தால், வேறுபாடு ஓர் உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கும். அப்போது கன்ட்ரோலர் தூய்மை கூடுகிறது என்று நம்பி ரிஃப்ளக்ஸை இன்னும் குறைத்து, நிலைமையை மோசமாக்கும். வேறுபாடு குறையும்போது மேல் தட்டின் வெப்பநிலையும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஊட்டத்தில் மூன்றாவது பொருள் ஒன்று கூடிக் குறைந்துகொண்டிருந்தால் இந்த மூன்று வழியும் விலகும், ஏனென்றால் ஒரே வெப்பநிலை பல கலவைகளுக்குப் பொருந்தும். அங்கே லேப் முடிவைக் கொண்டு Tc-யின் இலக்கைத் திருத்த வேண்டும். முழு வித்தியாசத்தையும் ஒரே அடியில் போடாமல் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள், ஒரு தவறான மாதிரி கோபுரத்தையே ஆட்டிவிடக் கூடாது. அப்புறம், மாதிரி எடுத்த நேரத்தின் Tc-யோடுதான் ஒப்பிட வேண்டும், முடிவு கைக்கு வந்த நேரத்தின் Tc-யோடு அல்ல.