படத்தில் கச்சிதம், முகத்தில் தொளதொள: 7,400 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போதே இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. டேப்லெட்டில் நம் முகத்தைப் படம் பிடித்து, அதன் மேலேயே ஃபிரேமை மாட்டிக் காட்டும் கண்ணாடிக் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை பவர். பழைய மெட்டல் ஃபிரேம் உடைந்துவிட்டதால் போனேன். எனக்குப் பிடித்த பழுப்பு பிளாஸ்டிக் ஷெல் ஃபிரேம் கடையில் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். கடைப் பையன் என்னை நேராக உட்கார வைத்துப் படம் எடுத்து, திரையில் அந்த ஃபிரேமைத் தொட்டான். முகத்தில் அப்படியே உட்கார்ந்தது. இரண்டு ஓரமும் நெற்றிப் பொட்டோடு நின்றன, பிரிட்ஜ் மூக்கின் மேல் பொருந்தியிருந்தது. "பாருங்கக்கா, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. அளவெல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றான். அந்த வார்த்தையைத்தான் நம்பினேன். அந்தப் படத்தை என் போனுக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அட்வான்ஸ் 4,000, வாங்கும்போது 3,400. மொத்தம் 7,400 ரூபாய்.

போட்ட அன்றே தெரிந்துவிட்டது. ஃபிரேம் முகத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குனிந்தால் மூக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. கீழ் ஓரம் கன்னத்தில் இடிப்பதால், இந்த ஊர்ப் பனிக்கு மூச்சுவிட்டாலே கண்ணாடி மங்கிப் போகிறது. லென்ஸின் வெளி ஓரம் சோடாப்புட்டி மாதிரி தடித்திருக்கிறது.

போன் செய்தேன். "புதுசுல அப்படித்தான் இருக்கும், ஒரு வாரத்துல பழகிடும்" என்றார்கள். வாரம் கழித்து நேரில் போனேன். காதில் மாட்டும் தண்டைச் சூடு பண்ணி வளைத்துக் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் புண்ணானதுதான் மிச்சம், ஃபிரேம் இறங்குவது நிற்கவில்லை. மெட்டல் ஃபிரேம் என்றால் நோஸ் பேடை உள்ளே தள்ளிச் சரி செய்யலாம். ஷெல் ஃபிரேமில் அது ஃபிரேமோடு சேர்ந்த வார்ப்பு, நெருக்க வழியில்லை.

குன்னூரில் வேறொரு கடைப் பெரியவர் ஸ்கேலை வைத்து அளந்து காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. என் இரண்டு கண் பாப்பாவுக்கும் இடையே 60 மி.மீ. இந்த ஃபிரேமின் தண்டின் உள்பக்கம் 56□18 என்று இருக்கிறது. ஒரு லென்ஸ் 56 அகலம், பிரிட்ஜ் 18, இரண்டும் சேர்த்து 74. இரண்டு லென்ஸின் நடுவுக்கும் இடையே உள்ள தூரம் அது, என் கண்ணுக்கு 14 அதிகம். அதாவது ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 7 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளித்தான் வெட்ட முடியும். வெளி ஓரம் தடித்ததற்குக் காரணம் அதுதான். முழு ஃபிரேம் ஓரத்துக்கு ஓரம் 142 மி.மீ. உடைந்த பழையதை அளந்தால் 130.

அப்புறம் போனில் இருந்த அந்தப் படத்தின் மேல் ஸ்கேலை வைத்தேன். பாப்பாவுக்குப் பாப்பா 30 மி.மீ., ஃபிரேம் 65. நிஜத்தில் 60 என்பதால் இரண்டால் பெருக்கினால் ஃபிரேம் 130! 142 மி.மீ. ஃபிரேமை என் முகத்துக்குத் தகுந்தபடி சுருக்கித்தான் படத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எந்த ஃபிரேமைத் தொட்டாலும் அழகாகப் பொருந்தியதே, அது இப்படித்தான். பிரிட்ஜும் கூடவே சுருங்கிவிட்டது. போதாததற்கு, நேராக எடுத்த படத்தில் என் மூக்குத் தண்டு மேலே எவ்வளவு தட்டை என்பது தெரியவே தெரியாது.

இந்தக் கணக்கை நேற்று எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி படத்தைப் பார்க்கவே இல்லை. "அது சும்மா லுக் பாக்கறதுக்குத்தாம்மா. பவர் போட்ட கண்ணாடியைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அளவை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றவன் தலையைக் குனிந்துகொண்டான். 7,400 ரூபாய்! எனக்கு அது பாதி மாதச் செலவு.

அவசரமாக நாலு வார்த்தை சொல்கிறேன். நன்றாகப் பொருந்தும் பழைய ஃபிரேமின் தண்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், புதியது அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும். படத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் நெற்றியோடு ஒட்டி ஏடிஎம் கார்டைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள், அதன் அகலம் 85.6 மி.மீ. முகத்துக்கு முன்னால் தள்ளிப் பிடித்தால் கார்டு பெரிதாகத் தெரிந்து அந்த அளவும் தப்பாகிவிடும். ஃபிரேம் வந்ததும், லென்ஸ் வெட்டுவதற்கு முன்னால், நீங்களே மாட்டிக் குனிந்து பாருங்கள். இதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சனிக்கிழமை மறுபடி போகிறேன். ஃபிரேம் காசு 2,900-ஐயாவது கேட்காமல் விடப்போவதில்லை.