24 வாரம், ஓர் அரை மாரத்தான்: என் பயிற்சிக் குறிப்பேட்டிலிருந்து

ஜூன் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை, 21.1 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக ஒரே திட்டத்தைப் பின்பற்றினேன். திட்டம் எவ்வளவு நல்லது என்பதைவிட, அது எங்கெங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது என்பதுதான் அடுத்தவருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் சறுக்கல் முதல் நாளே வந்தது. அதற்கு முன் ஒரு வருடம் ஜிம்மில், ஏசியில், டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் 40 நிமிடம் தாங்கும். அதே வேகத்தில் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால், மூன்றாவது கிலோமீட்டரில் இதயத்துடிப்பு 172. அப்புறம் நடைதான். விடிகாலை குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஆனால் இங்கே வெப்பநிலை இறங்கும் அந்த நேரத்தில்தான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை காயாமல் வழிந்தால் உடம்பு குளிராது. சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், கால் தசைக்கும் அனுப்ப வேண்டும்.

சிங்கப்பூரிலேயே வாழ்கிறோம், வெயில் பழகியிருக்குமே என்று தோன்றும். எம்ஆர்டி, அலுவலகம், ஜிம் என்று ஏசியிலிருந்து ஏசிக்குப் போகிறவருக்கு அந்தப் பழக்கம் சரியாக வருவதில்லை. எதற்குத் தயாராகிறோமோ அதே சூழலில் பயிற்சி எடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டின் பொருள் எனக்கு அங்கேதான் புரிந்தது. இரண்டு வாரம் வெளியில் மெதுவாக ஓடிய பிறகு வியர்வை சீக்கிரமே தொடங்கியது, துடிப்பும் இறங்கியது.

அன்றிலிருந்து ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே பாதையில், அதே நேரத்தில், துடிப்பை 145-இல் நிறுத்தி 6 கிலோமீட்டர். எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை மட்டும் எழுதுவேன். மூன்றாவது வாரம் 45 நிமிடம்.

மிகைப்பளு என்றால் உடம்பு பழகியதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கொடுப்பது. ஜூலையில் நான் கொஞ்சம் என்பதை விட்டுவிட்டேன். வாரத்துக்கு 24 கிலோமீட்டரிலிருந்து 32-க்குத் தாவியதோடு, அதே வாரம் 400 மீட்டர் வேக ஓட்டங்களையும் சேர்த்தேன். பத்தே நாளில் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்புற ஓரத்தில் வலி. பிசியோதெரபிஸ்ட் முதலில் என்னையே விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். வலி நீளவாக்கில் ஒரு சாண் பரவியிருந்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய பகுதியின் எரிச்சல். காசு அளவு ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எனக்குப் பரவிய வலிதான். அதன் பிறகு தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைத் தொடுவதில்லை. 24, 26, 29 என்று ஏறி, நான்காவது வாரம் 20-க்கு இறங்குவேன். அந்த இறக்கத்தில்தான் உடம்பு வாங்கிய சுமையைச் செரிக்கிறது.

பத்தாவது வாரம் அளவுகோல் 41 நிமிடம் 20 விநாடி காட்டியது. சரி, ஏறுமுகம்தான் என்று சந்தோஷமாக ஆவணி முகூர்த்தத்துக்கு, அக்கா மகள் கல்யாணத்துக்கு, புதுக்கோட்டை போனேன். 16 நாள் ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. திரும்பி வந்து ஓடினால் 43 நிமிடம் 40 விநாடி. காலில் பலம் அப்படியே இருந்தது, மூச்சுதான் போயிருந்தது. ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் குறையும், அதே வேலைக்கு அதிகம் துடிக்க வேண்டியிருக்கும். தசைப்பலம் அவ்வளவு வேகமாகப் போகாது.

ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. கால் தயார் என்று சொல்லும், பழைய அளவுக்கே போகத் தோன்றும். முதல் வாரம் விட்ட அளவில் பாதியும், அடுத்த வாரம் முக்காலும் ஓடினேன். பழைய நேரம் திரும்பி வர மூன்று வாரம் பிடித்தது.

தீபாவளி வாரத்தில் வேறு மாதிரி செய்தேன். தூரத்தை மூன்றில் ஒரு பங்காக்கினேன், ஆனால் இரண்டு ஓட்டத்திலும் சில நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தை விடவில்லை. அளவுகோல் நேரம் ஒரு விநாடிகூடக் கூடவில்லை. நேரமில்லாத வாரத்தில் தூரத்தை வெட்டுங்கள், தீவிரத்தை வெட்டாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

மாறுபாட்டைப் பற்றி ஒன்றுதான். பெடோக் நீர்த்தேக்கத்தை ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த வாரங்களில் நேரம் அசையவே இல்லை. ஒரு நாள் ஃபேபர் மலை ஏற்றம், ஒரு நாள் நீண்ட மெதுவோட்டம் என்று மாற்றியதும் அசைந்தது. ஆனால் கடைசி எட்டு வாரம் மலையை விட்டுவிட்டேன். போட்டிப் பாதை தட்டையானது, அதனால் தட்டைத் தரையில் போட்டி வேகம்தான் வேண்டியிருந்தது.

போட்டியில் 2 மணி 24 நிமிடம். அதன் பிறகு 12 நாள் ஓய்வு. நேற்று அளவுகோல் ஓட்டம் 42 நிமிடம் 50 விநாடி. அடுத்த வாரத்தை 18 கிலோமீட்டரில், வேக ஓட்டம் எதுவும் இல்லாமல் தொடங்குகிறேன்.