மணவறையிலும் இழவு வீட்டிலும் ஒரே நாடி

காங்கேயத்தில் அண்ணன் மகள் கல்யாணத்தன்று, அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருக்கையில் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்: வழக்கமாக 72 துடிக்கும் நாடி 116-இல் நின்றது. தாலி ஏறியதும் திண்ணையில் உட்கார்ந்தவருக்குப் பத்து நிமிடத்தில் 82 ஆயிற்று. மகிழ்ச்சிப் பரபரப்பில் அட்ரினலின் சட்டென ஏறினாலும், காரணம் முடிந்ததும் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கிவிடுகிறது. பந்தியில் குடித்த காப்பியும் ஓட்டமும் அதைச் சற்று நீட்டிக்கலாம்.

அதே ஆண்டில் அம்மா இறந்தபோது அண்ணனின் நாடி உச்சத்திலும் 100-ஐத் தாண்டவில்லை. ஆனால் மூன்றாம் வாரத்திலும், விடியற்காலையில் எழுமுன் படுத்தபடியே ஒரு நிமிடம் முழுதும் எண்ணியபோது 78 இருந்தது. துக்கத்தில் தூக்கம் கெடுவதாலும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் உயர்ந்தே இருப்பதாலும் ஓய்வுத் துடிப்பு நாலைந்து கூடி, வாரக்கணக்கில் நீடிக்கலாம். அண்ணனுக்கு ஐந்தாம் மாதத்தில்தான் 72 திரும்பியது. என் கணிப்பில், கல்யாணத்தின் 116-ஐவிட இந்த 78-ஐயே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். துடிப்பு ஒழுங்கின்றித் தவறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, துக்கம் என்று காத்திராமல் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். பேரிழப்பின் அதிர்ச்சியில் இதயத்தசையே தற்காலிகமாகத் தளரும் டாகோட்சுபோ நோய், மாரடைப்பைப் போலவே தோன்றும்.